மூன்று முறை பூசியும் உதிரும் தரைத்தளச் சுவர்: உங்கள் அனுபவம் என்ன?

வேம்படி

மடிப்பாக்கத்தில் என் மாமனார் 1991-இல் கட்டிய வீட்டின் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். ஓதம் ஏறிய சுவர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்ற கார்த்திகையில் ஓர் இரவு மகனின் தலைமாட்டில் பொத்தென்று ஏதோ விழுந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குப் பட்டியும் பெயிண்டும் ஒன்றாகப் பெயர்ந்து தலையணை ஓரத்தில் கிடந்தன. அதன் பின்புறம் பஞ்சு போல வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், கரித்தது. ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. கடைசி முறை கொத்தனார் தண்ணீர் புகாத கலவை என்று சொல்லி மூன்றடி உயரத்துக்கு சிமெண்ட் பூசிக்கொடுத்தார். இப்போது கறை அந்தப் பூச்சுக்குச் சரியாக ஒரு சாண் மேலே, நூல் பிடித்தது போல ஓடுகிறது. விழுந்த துண்டை விட அந்தக் கோடுதான் என்னை உறுத்துகிறது.

செங்கல் சூளை

உப்பு என்றாலே காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் போர்த் தண்ணீரையும் கழுவாத மணலையும் கொண்டு கட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு ஆண்டுகளாகச் சுவரைப் பற்றிய பேச்சே இல்லை. நீங்களும் அதையே செய்துவிடுங்கள்.

பழைய மட்டப்பலகை

டைல்ஸ் யோசனை சொன்ன நண்பர் உப்பைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. கட்டும்போதே சுவரில் உப்பு சேர்ந்திருக்கலாம். ஆனால் அதைக் கரைத்து மேலே கொண்டுவருவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அந்த ஈரம் சுவரின் முகத்தில் காய்ந்தாக வேண்டும். முகத்தை அடைத்தால் காயும் இடம் தேடி அது மேலே போகும். வேம்படி அம்மா கண்ட கோடு அதுதான். டைல்ஸுக்குப் பின்னாலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும். நான்கடிக்கு மேலே தெரியும் நாளில் நண்பர் இங்கே வந்து எழுதட்டும்.

நான் முப்பது ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்த்தவன். ஆனாலும் என் அக்கா வீட்டில்தான் இதைச் சரியாகக் கற்றுக்கொண்டேன். வீடு கட்டியபோது தரை தெருவை விட இரண்டடி உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் அந்த இரண்டடி நான்கு அங்குலமாகச் சுருங்கியது. மழைநீர் உள்ளே வருகிறது என்று அக்கா பக்கவாட்டுச் சந்தில் மண் கொட்டி, சுவரை ஒட்டியே கான்கிரீட்டும் போட்டுவிட்டார். பேஸ்மட்டத்தின் மேல் ஓடும் கான்கிரீட் பட்டையான பெல்ட்தான் ஈரத்தை நிறுத்தியாக வேண்டிய இடம். அது இப்போது மண்ணுக்கு முக்கால் அடி கீழே புதைந்திருந்தது. மண்ணின் ஈரம் பெல்ட்டைத் தாண்டி நேராகச் செங்கல்லுக்குள் போனது.

எனவே உள்ளே எதையும் தொடாமல் வெளியே தொடங்கினோம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு கான்கிரீட்டை வெட்டி, பெல்ட்டுக்கு அரையடி கீழே வரை மண்ணை எடுத்தோம். பெல்ட்டின் மேல் வழிந்து மண்ணுக்குள் இறங்கியிருந்த வெளிப்பூச்சையும் கொத்தி அகற்றி, பள்ளத்தின் அடியில் ஜல்லி நிரப்பினோம். ஆனால் தெரு உயரமாகிவிட்டதால் அந்தத் தண்ணீர் தானாக வெளியே ஓட வழியில்லை; ஒரு மூலையில் சிறு தொட்டி கட்டி மோட்டார் வைக்க வேண்டியதாயிற்று.

பிறகுதான் உள்ளே வந்தோம். கறைக்கு ஓரடி மேலே வரை பூச்சைத் தட்டி எடுத்து, செங்கல் இடைவெளிகளில் உப்பேறிய சாந்தை அரை அங்குலத்துக்கு மேல் சுரண்டி, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் அள்ளி வெளியே கொட்டினோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். அதன்பின் எதுவும் பூசவில்லை. சுவரின் கனத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் காய விட வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். செங்கல் தெரிய அத்தனை மாதம் ஒரு வீட்டில் வாழ்வது எவ்வளவு சங்கடம் என்பதை அக்காவின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். கடைசியில் சிமெண்ட் இல்லாத சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடித்தோம். வெளிச்சுவர்கள் இரண்டு மழைக்காலங்களாக நன்றாக இருக்கின்றன.

அடையாறு காற்று

எங்கள் வீட்டிலும் குளியலறையை ஒட்டிய சுவர் இப்படித்தான் ஊறியது. மேல்மாடிக் குழாய் கசிந்தது. பிளம்பரை அழைத்து மாற்றியதும் நின்றுவிட்டது. முதலில் பிளம்பரை அழையுங்கள்.

பழைய மட்டப்பலகை

அது வேறு நோய், ஐயா. குழாய்க் கசிவு ஓரிடத்தில் திட்டாக நிற்கும். மேலிருந்து கீழே வரும். மண்ணிலிருந்து ஏறுவது சுவரின் நீளம் முழுவதும் தரையிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் மூன்று நான்கு அடியில் நின்றுவிடும்.

குத்துவிளக்கு

அக்கா வீட்டு வெளிச்சுவர்களைச் சொன்னவர், உள்சுவர்களை என்ன செய்தார் என்று சொல்லவில்லை. நடுச்சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்ட முடியாதே! நாங்கள் பணம் கொடுத்து ஊசி மருந்து ஏற்றினோம். சுவரில் துளையிட்டு, ஈரம் ஏறுவதைத் தடுக்கும் க்ரீம் செலுத்தும் அந்த வேலையைத்தான் சொல்கிறேன். வந்த பையன் பூச்சின் மேலேயே கண்ட இடத்தில் ட்ரில்லை வைத்தான். ஒரு துளையில் செங்கல் தூள் சிவப்பாக என் கையில் கொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டு மாதத்தில் கறை திரும்ப வந்தது. அந்த மருந்தே ஏமாற்று என்பது என் முடிவு.

பழைய மட்டப்பலகை

அம்மா, அந்தச் சிவப்புத் தூள்தான் விடை. துளை செங்கல்லில் அல்ல, சாந்து வரிசையில் விழ வேண்டும். தூள் சாம்பல் நிறமாக வர வேண்டும். ஈரம் சுவரில் இடையறாமல் ஏறும் வழி சாந்துதான். அக்கா வீட்டு நடுச்சுவரில் கீழ்ப்பூச்சை எடுத்துவிட்டு, தரைக்கு மேலே முதல் சாந்து வரிசையில் 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ.-க்கு ஒன்றாக, மறுபக்கத்துக்கு 4 செ.மீ. மிச்சம் வைத்துப் போட்டு, தூளை உறிஞ்சி எடுத்து, துளை நிறைய சிலேன் க்ரீம் ஏற்றினோம். அதுவும் வேலை செய்யாத ஒரு மூலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே சாந்து உள்ளே பொக்கையாக இருந்து மருந்து எங்கோ வழிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

குத்துவிளக்கு

மூலை நனைகிறது என்றால் என் கருத்தில் பாதியை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

வேம்படி

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையுடன் சந்தில் இறங்கினோம். பெல்ட் முற்றத் தரைக்குப் பத்து அங்குலம் கீழே கிடக்கிறது. அதன் மேல் வெளிப்பூச்சு தடையில்லாமல் மண்ணுக்குள் போகிறது. இரண்டு பக்கம் தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் மகன் படுக்கும் அறையின் சுவர் எங்கள் எல்லையில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் தம் மனையை எங்கள் ஜன்னலுக்கு ஓரடி கீழே வரை மண் கொட்டி உயர்த்தி, அதன் மேல் வாகனம் நிறுத்துகிறார். அந்தப் பக்கம் தோண்ட அவர் இடம் தரப்போவதில்லை. அவருடைய மண் மட்டத்துக்கு மேலே உள்ள வரிசையில் மருந்து ஏற்றினால், அதற்குக் கீழே மூன்றடி சுவர் நனைந்தபடியே நிற்குமே. அப்படி ஒரு சுவரை யாராவது காய வைத்திருக்கிறீர்களா?