தலைகீழ் டெப்த்துக்கு மாறிய பிறகும் தொலைவில் டெக்கல் பட்டை பட்டையாக உடைகிறது

மூடுபனி_7

வணக்கம். D3D12-இல் எழுதிவரும் என் ரெண்டரரைத் தலைகீழ் டெப்த்துக்கு மாற்றியிருக்கிறேன். அருகில் 1, தொலைவில் 0. டெப்த் பஃபரின் வகை `DXGI_FORMAT_D32_FLOAT`, துடைக்கும் மதிப்பு 0, ஒப்பீடு `GREATER_EQUAL`. நியர் 0.1 மீட்டர், ஃபார் 10,000 மீட்டர்.

மாடல்கள் எல்லாம் சரியாக வரைகின்றன. முன்பு தொலைவில் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மினுக்கியது இப்போது அடியோடு நின்றுவிட்டது. ஆனால் டெப்த்தைப் படித்து உலக இடத்தை மீட்டெடுக்கும் இரண்டு ஷேடர்களில் மட்டும் பழைய நோய் தொடர்கிறது. சுமார் 1 கி.மீ. தள்ளியிருக்கும் பாறைச் சுவரில் ஒட்டிய டெக்கல், பட்டை பட்டையாகத்தான் தெரிகிறது. அதன் பெட்டி 0.5 மீட்டர் தடிமன். கேமரா அசைந்தால் பட்டைகளும் சுவரின் மேல் ஓடுகின்றன. மூடுபனியிலும் அதே தொலைவில் படிப்படியான வளையங்கள் தெரிகின்றன.

டெப்த் பஃபர் துல்லியமாக இருக்கிறது என்பது மினுக்கல் நின்றதிலிருந்தே தெரிகிறது. பிறகு இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது?

வரைகோல்

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, டெக்கல் பெட்டியின் பின்முகங்களை வரைகிறீர்கள் என்றால் அதன் டெப்த் ஒப்பீட்டையும் திருப்ப வேண்டும். முன்பு `GREATER_EQUAL` என்றால் இப்போது `LESS_EQUAL`. பலர் இதை விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, ஷேடரில் டெப்த்தைப் படித்தவுடன் `1.0 - d` என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பழைய சூத்திரங்கள் எதையும் தொடவே வேண்டாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

மூடுபனி_7

டெக்கல் பெட்டியின் ஒப்பீட்டை ஏற்கெனவே திருப்பியாயிற்று. இரண்டாவதும் அப்படியே இருக்கிறது. பொதுக் கோப்பில் உள்ள வரிகள் இவை:

```hlsl
float d = 1.0 - depthTex.Load(int3(pix, 0)).r;
float z = n * f / (f - d * (f - n));
```

ஆழமானி

பிழை இந்த இரண்டு வரிகளுக்குள்ளேதான் இருக்கிறது. வரைகோல் சொன்ன முதல் யோசனை முற்றிலும் சரி. இரண்டாவது, கணக்கின்படி சரி, ஃப்ளோட்டின்படி சரியில்லை.

உங்கள் பாறைச் சுவரையே எடுத்துக்கொள்வோம். 1,000 மீட்டரில் தலைகீழ் டெப்த் ஏறத்தாழ 0.00009. அந்த அளவில் 32 பிட் ஃப்ளோட்டின் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 7e-12. இந்தச் சுவரருகே டெப்த்தின் மாற்றத்தை மீட்டராக்க ஏறக்குறைய 1 கோடியால் பெருக்க வேண்டும். பெருக்கினால் 0.07 மில்லிமீட்டர். பஃபரில் இருப்பது இவ்வளவு நுட்பமான தகவல்.

இப்போது அதை 1-லிருந்து கழிக்கிறீர்கள். விடை 0.99991. அந்த இடத்தில் ஃப்ளோட்டின் இடைவெளி 2^-24, அதாவது சுமார் 6e-8. அதே 1 கோடியால் பெருக்கினால் 0.6 மீட்டர். உங்கள் டெக்கல் பெட்டியின் தடிமனே 0.5 மீட்டர்தான். மீட்டெடுத்த புள்ளி ஒரு படியில் பெட்டிக்குள் விழுகிறது, அடுத்த படியில் பெட்டியைத் தாண்டிவிடுகிறது. அந்தப் படிகளைத்தான் பட்டைகளாகப் பார்க்கிறீர்கள். பஃபரில் பத்திரமாக வந்து சேர்ந்த துல்லியத்தை, படித்த மறுகணமே ஒரு கழித்தல் துடைத்துவிடுகிறது.

இரண்டாவது வரி இன்னும் மோசம். `f - d * (f - n)` என்பது 10,000-க்கு அருகிலுள்ள ஓர் எண்ணிலிருந்து 9,999-க்கு அருகிலுள்ள ஓர் எண்ணைக் கழிக்கிறது. அந்த அளவில் ஃப்ளோட்டின் இடைவெளி சுமார் 0.001, கழித்துக் கிடைக்கும் விடையோ 1. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்றால் 1,000 மீட்டரில் அது 1 மீட்டர்.

படித்த மதிப்பைத் திருப்பாமல், தலைகீழ் டெப்த்துக்கே உரிய சூத்திரத்தை எழுதுங்கள்:

```hlsl
float d = depthTex.Load(int3(pix, 0)).r;
float z = n * f / (n + d * (f - n));
```

`d` 1 என்றால் `z` நியருக்கு வரும், 0 என்றால் ஃபாருக்குப் போகும். பகுதியில் கூட்டல் மட்டுமே இருப்பதால் நெருங்கிய இரண்டு எண்களைக் கழிக்கும் இடமே இல்லை. `f - n` இருக்கிறதே என்று தோன்றலாம். அது 10,000-லிருந்து 0.1-ஐக் கழிப்பது, அதில் எதுவும் கரையாது.

இது உண்மைதானா என்று பார்க்க ஒரு சோதனை: டெக்கலையும் மூடுபனியையும் நிறுத்திவிட்டு, மீட்டெடுத்த உலக இடத்தின் `frac(p)` மதிப்பை நேரடியாக நிறமாக வரையுங்கள். 1 மீட்டர் கட்டங்கள் உலகத்தின்மேல் ஒட்டியிருக்க வேண்டும். கேமராவைச் சுழற்றும்போது அருகிலுள்ள கட்டங்களே வழுக்கினால், மேட்ரிக்ஸோ பிக்சலின் மையமோ பொருந்தவில்லை என்று அர்த்தம். அருகில் அசையாமல் நின்று தொலைவில் மட்டும் சிதறினால் துல்லியம் போயிருக்கிறது. பிழை தூரத்தின் வர்க்கத்தில் வளர்வதால், உங்கள் பழைய வரிகளுடன் 100 மீட்டரில் 1 செ.மீ.தான் பிசகும், அங்கே எதுவும் தெரியாது.

வரைகோல்

என் காட்சியில் எதுவும் உடையவில்லையே? பல மாதங்களாக `1.0 - d` வைத்துத்தான் ஓடுகிறது.

ஆழமானி

உங்கள் காட்சி எவ்வளவு தூரம் நீள்கிறது? நியர் எவ்வளவு?

வரைகோல்

உள்ளரங்கம்தான். அதிகபட்சம் 60 மீட்டர். நியர் 0.2.

ஆழமானி

அப்படியானால் கழித்தலால் வரும் படி கடைசிச் சுவரில்கூட ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் இந்த அளவுக்குத் தலைகீழ் டெப்த்தே உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

கோடுபோடு

எனக்கும் இதே பிரச்சினை! ஆனால் OpenGL. `glDepthRange(1, 0)` வைத்து, ஒப்பீட்டை `GL_GREATER` ஆக்கி, 32 பிட் ஃப்ளோட் டெப்த்தும் வைத்தேன். தொலைவில் மினுக்கல் துளியும் குறையவில்லை. ஷேடரில் எங்கும் `1.0 - d` இல்லை. அப்படியானால் மேலே சொன்ன விளக்கம் தவறா?

ஆழமானி

உங்களுடையது வேறு பிரச்சினை. மூடுபனி_7-க்குப் பஃபரில் இருந்த துல்லியம் படிக்கும்போது போகிறது. உங்களுக்கு அது பஃபருக்கே வந்து சேரவில்லை. இயல்பு நிலையில் OpenGL-இன் z, -1 முதல் 1 வரை ஓடுகிறது. தொலைவிலுள்ள பொருள்கள் முதலில் 1-ஐ ஒட்டிக் குவிந்து துல்லியத்தை இழக்கின்றன. `glDepthRange` அதற்குப் பிறகுதான் அந்த எண்களைத் திருப்புகிறது.

OpenGL 4.5-இல் `glClipControl` வந்துவிட்டது. `glClipControl(GL_LOWER_LEFT, GL_ZERO_TO_ONE)` என்று அழைத்து, புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸையே அருகில் 1, தொலைவில் 0 தருமாறு எழுதுங்கள். `glDepthRange`-ஐ இயல்பான 0, 1-க்குத் திருப்பிவிடுங்கள்.

கோடுபோடு

என் பழைய கணினியில் 4.5 இல்லை. தனி இழை தொடங்கிக் கேட்கிறேன், நன்றி.

மூடுபனி_7

ஆழமானி, வரிகளை மாற்றினேன். `frac(p)` கட்டங்கள் சுவரில் அசையாமல் நிற்கின்றன. பட்டைகளும் வளையங்களும் போய்விட்டன. மிக்க நன்றி.

அதே வேகத்தில் ஃபார் தளத்தையே எடுத்துவிட்டு, முடிவிலி ஃபாருக்கு மாறினேன். `z = n / d` என்று சூத்திரம் சுருங்கிவிட்டது. ஆனால் அடிவானத்தைப் பார்க்கும்போது சில பிக்சல்கள் கறுப்பாகி, புளூம் ஓடிய பிறகு பெரிய கறுப்புச் சதுரங்களாகப் பரவுகின்றன. உயரத்தைப் பொறுத்த மூடுபனியை நிறுத்தினால் அவை மறைகின்றன.

ஆழமானி

வானத்தில் எதுவும் வரையப்படாததால் அங்கே `d` துல்லியமாக 0. `n / 0` முடிவிலியாகிறது. அது மட்டும் என்றால் அடுக்குக்குறிச் சார்பில் போய் முழு மூடுபனியாக முடிந்துவிடும், பாதகமில்லை. ஆனால் அடிவானத்தை நோக்கிய கதிரின் y கூறு 0. 0-ஐ முடிவிலியால் பெருக்கினால் NaN. புளூமில் அண்டைப் பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது ஒரே ஒரு NaN தன் பகுதி முழுவதையும் தின்றுவிடும்.

மூடுபனி ஷேடரில் மட்டும் ஓர் எல்லை வையுங்கள்:

```hlsl
float z = n / max(d, n / 50000.0);
float dist = length(ray) * z;
```

50,000 மீட்டருக்கு அப்பால் உங்கள் மூடுபனி எப்படியும் நிறைந்திருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். மெல்லிய பனி என்றால் எண்ணைக் கூட்டுங்கள். `ray` என்பது பார்வைத் திசையில் நீளம் 1 வருமாறு அளந்த கதிர். அதை நார்மலைஸ் செய்துவிடாதீர்கள், செய்தால் ஓரங்களில் இடம் பிசகும். மூடுபனிக்கு வெறும் `z`-ஐயும் பயன்படுத்தாதீர்கள். கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 பாகை என்றால், திரையின் இடது வலது ஓரங்களில் உண்மையான தூரம் `z`-ஐவிட 1.41 மடங்கு. கேமராவைச் சுழற்றினால் ஒரே மரம் ஓரத்தில் தெளிவாகவும் நடுவில் மங்கலாகவும் தெரியும்.

டெக்கலுக்கு இந்த எல்லை தேவையில்லை. உங்கள் ஒப்பீடு `LESS_EQUAL`; பெட்டியின் பின்முகத்தின் டெப்த் எப்போதும் 0-ஐவிடப் பெரியது. ஆகவே வானப் பிக்சல்களில் டெக்கல் ஷேடர் ஓடவே ஓடாது.

மூடுபனி_7

கறுப்புச் சதுரங்கள் போய்விட்டன. இப்போது ஒன்று மட்டும் மிச்சம். சுவரில் உள்ள டெக்கலுக்கு முன்னால் ஒரு கம்பம் நிற்கிறது. கம்பத்தின் ஓரத்தை ஒட்டி, டெக்கலின்மேல் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் மங்கலான கோடு ஓடுகிறது. மாற்றத்துக்கு முன்பும் இது இருந்ததா என்று பட்டைகளின் நடுவே சொல்ல முடியவில்லை.

ஆழமானி

முன்பும் இருந்திருக்கும், துல்லியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. GPU மிப் நிலையை 2×2 பிக்சல் கூட்டத்தின் வித்தியாசத்திலிருந்து தேர்கிறது. அந்த நான்கில் ஒன்று கம்பத்திலும் மற்றவை சுவரிலும் விழுந்தால் டெக்கலின் UV திடீரென்று தாவுகிறது. மிகச் சிறிய மிப் எடுக்கப்படுகிறது. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் டெப்த்தைப் படித்து, வித்தியாசம் குறைவான பக்கத்திலிருந்து UV-யின் சரிவைக் கணக்கிட்டு `SampleGrad`-க்குக் கொடுங்கள். மேல், கீழுக்கும் அப்படியே.

வரைகோல்

ஒவ்வொரு டெக்கல் பிக்சலுக்கும் கூடுதலாக நான்கு டெப்த் வாசிப்பா? `z`-ஐ வைத்தே மிப் நிலையைக் கணக்கிட்டு `SampleLevel` செய்தால் போதாதா? நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆழமானி

சுவரை நேராகப் பார்க்கும்போது போதும். தரையில் ஒட்டிய டெக்கலைச் சாய்வாகப் பார்த்தால் ஒன்று மங்கும், இல்லையேல் மினுக்கும். அனிசோட்ரோபிக் வடிகட்டலும் கிடைக்காது.

மூடுபனி_7

என்னிடம் இரண்டு வகை டெக்கலும் இருக்கின்றன. சுவருக்கு `SampleLevel`, தரைக்கு `SampleGrad` என்று பிரித்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் ஆகும் நேரத்தை GPU-வில் அளந்து எழுதுகிறேன்.