புதுப்பிப்பு: மதியம் படுத்தால் வரும் குற்ற உணர்வு

"ஞாயிறு மதியம் கொஞ்சம் படுத்தாலும் ஏதோ தப்பு செய்ததுபோல் நெஞ்சு படபடக்கிறது. ஏன்?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

கம்பத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலர் விடியும் முன் ஜீப் ஏறி, குமுளிப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போவார்கள். அம்மாவும்தான். வீட்டில் யார் படுத்திருந்தாலும் "காய்ச்சலா?" என்பார். உடம்பு முடியாதவருக்கே படுக்க உரிமை என்று மனதில் பதிந்துவிட்டது.

பதில் சொன்ன ஒருவர் யோகா செய்யச் சொன்னார். எனக்கு அது இன்னொரு வேலையாகிவிட்டது. மனநல ஆலோசகரான ஒரு அக்கா சொன்னதுதான் பிடிபட்டது: படபடப்பு வந்ததும் எழுந்து பாத்திரம் தேய்த்தால் உடனே நிம்மதி வரும், அந்த நிம்மதியே பழக்கத்தை இறுக்குகிறது. அதனால் வேலை பாக்கி இருக்கும்போதே பத்து நிமிடம் படுக்க வேண்டும், எழக்கூடாது. படபடப்பு ஏறும், அப்புறம் தானாக இறங்கும்.

எச்சில் தட்டுகள் அப்படியே கிடக்கப் படுத்துப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் சீக்கிரம் இறங்குகிறது. அம்மா எட்டிப் பார்க்கும் நாளில்தான் இன்னும் முடியவில்லை.

"வேலைக்குப் போகாத நாளில் எனக்குக் கூலி போச்சே என்றுதான் பயம்" என்றார் சித்தி. அதற்கு இந்த வழி உதவாது என்று அக்காவே சொல்கிறார்.