பொருள்: stale cheque, unpresented cheque இரண்டுக்கும் சொல்

தொண்டி, கூட்டுறவுத் தணிக்கையாளர்:
மீனவர் சங்கக் கணக்குகளில் இரண்டையுமே ‘நிலுவைக் காசோலை’ என்று ஒரே தலைப்பில் எழுதிவிடுகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். மார்ச் 31 அன்று ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு ரூ. 4,12,600. வங்கி அறிக்கையில் ரூ. 4,86,100. கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் ரூ. 91,500, போட்டும் வரவாகாதது ரூ. 18,000. கூட்டிக் கழித்தால் சரியாக வருகிறது. சரியாக வருவதாலேயே யாரும் உள்ளே பார்ப்பதில்லை. அந்த 91,500-இல் ஐஸ் கம்பெனிக்கு 22,000, டீசலுக்கு 41,500. மீதி 28,000 வலைக் கடைக்கு, நவம்பர் 12 தேதியிட்டது. காசோலைக்கு 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதமே ஆயுள். அது பிப்ரவரியிலேயே செத்துவிட்டது.

பரமக்குடி, வணிகவியல் ஆசிரியர்:
unpresented cheque-க்கு ‘வாராக் காசோலை’, stale cheque-க்கு ‘காலாவதிக் காசோலை’ என்று வைக்கலாம். காலாவதியானதை ரத்து செய்து, 28,000-ஐ இதர வருமானத்தில் சேர்த்துவிடலாம்.

தொண்டி:
ரத்து செய்வது சரி. வருமானத்தில் சேர்ப்பது தவறு. செத்தது காசோலைதான், கடன் சாகவில்லை. வங்கியில் பற்று, வலைக் கடைக்குத் தரவேண்டியதில் வரவு. ரொக்க ஏட்டு இருப்பு 4,40,600 ஆகும், வராதவை 63,500 ஆகக் குறையும். ‘காலாவதி’ என்ற சொல் பாக்கியும் முடிந்ததாக நினைக்க வைக்கிறது. அதனால் ‘நாள் கடந்த காசோலை’ என்கிறேன். ‘வாராக் காசோலை’ வாராக்கடனை நினைவூட்டும். இது வரப்போகும் காசோலை.

கீழக்கரை, வலை வியாபாரி:
என்னிடமும் ஒரு சங்கத்தின் பழைய காசோலை இருக்கிறது, வங்கியில் வாங்க மறுத்துவிட்டார்கள். செக் பவுன்ஸ் வழக்குப் போடலாமா?

தொண்டி:
அந்த வழக்குக்கு, ஆயுளுக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். பழையதைத் திருப்பிக் கொடுத்துப் புதிது கேளுங்கள், அண்ணாச்சி. சங்கம் பழையதற்கு வங்கியில் பணம் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிது தரட்டும்.

இராமேஸ்வரம், கணக்கர்:
டீசல் காசோலை எப்போது பணமானது?

தொண்டி:
நல்ல கேள்வி. ஏப்ரல் மாத அறிக்கையை வங்கியிடமே நேராக வாங்கிப் பார்த்தால் ஐஸ் கம்பெனியுடையது ஏப்ரல் 3-இல், டீசலுடையது 24-இல். மார்ச் 29 தேதியிட்டதை பங்க்காரர் மூன்றரை வாரம் கையில் வைத்திருக்க மாட்டார். எழுதிவிட்டு மேசை அறையிலேயே வைத்திருந்தார்களா என்று பங்க்காரரின் ரசீதுத் தேதியைப் பார்க்க வேண்டும். வைத்திருந்தால் அதுவும் மார்ச் 31-இல் செலவாகாத பணம், கடனாகவே காட்ட வேண்டும். போட்ட 18,000 இன்னும் கடினம். மார்ச் 20-இல் போட்ட காசோலை இரண்டொரு நாளில் வரவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் திரும்பியிருக்கலாம், போடாமலே எழுதியும் இருக்கலாம். முத்திரையிட்ட செலுத்துச் சீட்டைக் கேளுங்கள்.

பரமக்குடி:
அப்படியானால் மேசை அறையில் கிடப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘கைவசக் காசோலை’?

இராமேஸ்வரம்:
பிறர் நமக்குத் தந்ததையும் அப்படித்தானே சொல்கிறோம். ‘கொடுபடாக் காசோலை’ பொருந்துமா பாருங்கள்.