வெற்றித்தொகையை முன்கூட்டியே பற்றெழுதுவதற்கு என்ன சொல்?

காட்பாடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு கழகம் ஒரு பருவத்தில் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகையின் எல்லையைச் "சம்பள உச்சவரம்பு" என்பதில் சிக்கல் இல்லை. நில உச்சவரம்பைக் கேட்டுப் பழகிய காது அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், பருவம் தொடங்கும் முன்பே, கிடைக்கக்கூடியது என்று கருதி அவ்வரம்புக்குள் சேர்த்து எண்ணப்படும் வெற்றித்தொகையை எப்படிக் குறிப்பது? எங்கள் கபடிக் கழகத்தின் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுகையில் இங்கேதான் நின்றுவிட்டேன். "எய்தத்தகு ஊக்கத்தொகை" எனலாமா?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, இதற்குத் தனிச்சொல் எதற்கு? கொடுத்த மாதத்தில் செலவாக எழுதினால் போதுமே. எங்கள் லுங்கித் தறிப் பட்டறையில் தீபாவளி போனஸை அப்படித்தான் எழுதுகிறோம்.

இராணிப்பேட்டையிலிருந்து:

கையிருப்புக் கணக்குக்கு அது சரி. வரம்புக் கணக்குக்குப் போதாது. எங்கள் கழகத்துக்கு வரம்பு 11 லட்சம் ரூபாய். 14 வீரர்களுக்கு மாதம் 9,000 வீதம் ஆறு மாதத்துக்கு 7,56,000. ஒரு வெற்றிக்குத் தலைக்கு 2,000 என்பதால் ஒவ்வொரு வெற்றியும் 28,000 கேட்கும். முந்தைய பருவத்தில் ஒன்பது வெற்றி பெற்றிருந்ததால் 2,52,000 ஒதுக்கினோம். மீதி 92,000 இருந்தது. அது மூன்று வெற்றிக்குத்தான் தாங்கும் என்பதை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. பதின்மூன்றாவது வெற்றியன்று திடலே ஆரவாரித்தது. நான் மட்டும் குறிப்பேட்டில் 11,20,000 என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு மாதமே மிச்சம். இரண்டு பேரை விடுவித்தாலும் 18,000தான் குறையும். மீறலோ 20,000.

அமெரிக்கக் கால்பந்தாட்ட லீக்கான என்.எஃப்.எல்.லில் இதற்கு வழி உண்டு. முந்தைய ஆண்டின் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகை நடப்பாண்டு வரம்பில் முதலிலேயே ஏறிவிடும். எதிர்பாராமல் ஈட்டப்பட்டது, நடப்பாண்டில் இடமில்லையெனில் அடுத்த ஆண்டு வரம்பில் கழிக்கப்படும். எனவே, தொகையைக் கணக்கில் பற்றெழுதும் நேரத்தை அச்சொல் காட்டவேண்டும். "முன்பற்று ஊக்கத்தொகை" என்பது என் பரிந்துரை.

காட்பாடியிலிருந்து:

"முன்பற்று" நன்று, ஐயா. ஆனால் அதன் இணை "பின்பற்று" ஆகிவிடுமே! ஒப்பந்தத்தில் "பின்பற்று ஊக்கத்தொகை" என்று கண்டால் விதிகளைப் பின்பற்றியதற்குக் கொடுக்கும் பணம் என்றல்லவா வீரர் நினைப்பார்?

ஆற்காட்டிலிருந்து:

"பிற்பற்று" என்றால் அக்குழப்பம் தீரும். "வரம்பேறு ஊக்கத்தொகை" என்றும் யோசித்தேன். ஆனால் அது வரம்பு மீறியதைப் போல ஒலிக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

இப்போது புரிகிறது. ஆனால் கையெழுத்திடும் பையனுக்குப் "பற்று" என்றால் பாசம்தான் நினைவுக்கு வரும். "முன்கணக்கு போனஸ்" என்றே எழுதலாமே?

இராணிப்பேட்டையிலிருந்து:

ஒப்பந்தத்துக்கு அது பொருந்தலாம். கணக்கேட்டில் நான் "முன்பற்று" என்றே எழுதுவேன். எச்சொல்லை எடுத்தாலும், பன்னிரண்டு வெற்றிக்கு மேல் வெற்றித்தொகை இல்லை என்ற வரியை அதன் அருகிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த வரிக்கு வீரர்கள் இசைவார்களா என்பது வேறு பேச்சு. எங்கள் வீரர்கள் இன்னும் இசையவில்லை.