ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா? 2041-ல் முடிய வேண்டிய கடன் 2053-க்குப் போன கதை

மலைக்கோட்டை டீச்சர்

தங்கச்சி வீட்டுக் கடன் போடப் போறா. வட்டி மாறாத ஃபிக்ஸடா, ஏறி இறங்கற ஃப்ளோட்டிங்கான்னு என்கிட்ட கேட்டா. நான் பட்டதை முதல்ல எழுதிடறேன், அப்புறம் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

2021 செப்டம்பர்ல 30 லட்சம் வாங்கினோம், 20 வருஷம். எனக்கு அப்போ 37 வயசு. ஃப்ளோட்டிங் 6.75 சதவீதம், இஎம்ஐ 22,811. அதே வங்கியில ஃபிக்ஸட் கேட்டா 8.9 சொன்னாங்க, இஎம்ஐ 26,799. மாசம் நாலாயிரம் சும்மா எதுக்குத் தரணும்னு ஃப்ளோட்டிங்கே எடுத்தோம். வீட்டுக்காரருக்கு அச்சகம். கொரோனாவுக்கு அப்புறம் கல்யாணப் பத்திரிகை வேலை அப்போதான் திரும்ப வர ஆரம்பிச்சிருந்தது. என் சம்பளம் மட்டும்தான் நிலையான வருமானம்.

2022 மே மாசம் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் குடுக்கற கடனோட வட்டியை, ஏத்த ஆரம்பிச்சது. டிவியில பார்த்தேன். ஆனா எங்க கணக்குல மாசாமாசம் அதே 22,811தான் போச்சு. நமக்கு ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன், இதுதான் நான் பண்ணின தப்பு. தீபாவளி லீவுல ஸ்டேட்மெண்ட் இறக்கிப் பார்த்தா கடைசித் தவணை 2053-ன்னு இருந்தது! 2041-ல முடிய வேண்டிய கடன். ஜூலையில வட்டி 7.65 ஆனப்போ மீதி 231 தவணை 273 ஆகியிருக்கு. அக்டோபர்ல 8.65 ஆனதும் 364. எனக்கு 69 வயசு வரைக்கும் தவணை.

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். ஒரே கடன், ஒரே வீடு, பயம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல இல்லை.

சேலத்து மாப்ள

அக்கா, இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஃப்ளோட்டிங்தான் எப்பவுமே லாபம். ரெப்போ ஏறினா ஏறும், இறங்கினா உடனே இறங்கிடும். 2025-ல மட்டும் 6.50-ல இருந்து 5.25 வரைக்கும் வந்துச்சு, எனக்கு அப்படியே குறைஞ்சது. ஃபிக்ஸட் போடறவங்க வங்கிக்குத் தானம் பண்றாங்க. எல்லாக் கடனும் இப்போ ரெப்போவோட கட்டினதுதானே?

ஓய்வுபெற்ற மேனேஜர்

தம்பி சொல்வது பாதி சரி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. பெரும்பாலும் அது ரெப்போ. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். ஆனால் வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்திருக்கிறார்கள். அது ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது நிதானமாகவும் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே "ஃப்ளோட்டிங்" என்ற சொல்லைக் கேட்டதும் எதோடு கட்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

டீச்சரம்மா, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2023 ஏப்ரலில் உங்கள் வட்டி 9.25 ஆகியிருக்கும். நிலுவை ஏறக்குறைய 29,25,000. அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 22,550. பழைய இஎம்ஐயே தொடர்ந்திருந்தால் அசலில் கழிவது 260 ரூபாய். அந்த வேகத்தில் கடன் அடைய 48 வருடம் ஆகும். இன்னும் கால் சதவீதம் ஏறியிருந்தால் தவணை வட்டிக்கே பற்றாமல் அசல் வளர ஆரம்பித்திருக்கும்.

இஎம்ஐ மாறவில்லை என்பதால் சுமை ஏறவில்லை என்று அர்த்தம் இல்லை. சுமை காலத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்காகவே சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது வங்கி கடன்காரரிடம் தெரிவிக்க வேண்டும், இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். உங்களுக்கு நடந்தது அதற்கு முந்தைய கதை.

வாய்க்கால் கரை

நான் ஒண்ணு கேக்கலாமா? பைக் கடன் வாங்கினப்போ 9 சதவீதம் ஃபிக்ஸட்னு சொல்லித்தான் குடுத்தாங்க. கணக்குப் பார்த்தா 16 கிட்ட வருது. அதனால ஃபிக்ஸட்னாலே ஏமாத்து வேலைன்னு நினைக்கிறேன். வீட்டுக் கடன்லயும் இதே கதைதானா?

ஓய்வுபெற்ற மேனேஜர்

அது ஃபிக்ஸட் அல்ல, ஃப்ளாட். அசல் குறைந்த பிறகும் முதல் நாள் தொகைக்கே வட்டி போடுவது. வீட்டுக் கடனில் ஃபிக்ஸடோ ஃப்ளோட்டிங்கோ, இரண்டுமே குறையும் நிலுவைக்குத்தான்.

பாளையங்கோட்டை

நான் ஃபிக்ஸட் போட்ட ஆளு, அதனால என் பக்கத்தையும் சொல்லிடுதேன். 2013-ல 18 லட்சம், பத்து வருசத்துக்கு வட்டி மாறாதுன்னு எழுதி வாங்கினேன். அப்போ அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருந்தது. வாரம் எவ்வளவு போகும்னு தெரியாத செலவு ஒண்ணு வீட்டுல இருக்கும்போது இன்னொண்ணையும் தெரியாம வச்சிக்க மனசு கேக்கலை.

அதுக்கப்புறம் ரெப்போ எறங்கிக்கிட்டே வந்து 2020-ல 4 சதவீதத்துக்கு வந்துட்டு. கூட வேலை பாக்கவன்லாம் ஏழு சதவீதம்னு பீத்துனப்போ நான் பழைய வட்டியே கட்டுனேன். அது பரவால்ல. எரிச்சல் வந்தது வேற எடத்துல. 2018-ல ஊர்ல நெலம் வித்த காசு வந்துது, மிச்சம் 14 லட்சத்தையும் அடைச்சிருவோம்னு போனா 2 சதவீதம் அபராதம்னாங்க. 28,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஃப்ளோட்டிங்ல அது கெடையாதாமே?

ஓய்வுபெற்ற மேனேஜர்

கிடையாது. தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. ஃபிக்ஸடுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இடையில் மொத்தமாகப் பணம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள், பிஎஃப், நிலம், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று எதுவானாலும், ஃபிக்ஸட் எடுக்கும் முன் ஒப்பந்தத்தில் இந்த அபராதம் பற்றிய பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும்.

பாளையங்கோட்டை

படிச்சிருந்தாலும் அன்னைக்கு ஃபிக்ஸட்தான் போட்டுருப்பேன். அப்பா போற வரைக்கும் மாசம் பொறந்தா என்ன தொகைன்னு எனக்குத் தெரியும். அதுக்குக் குடுத்த வெலை அது.

மலைக்கோட்டை டீச்சர்

மேனேஜர் சார், அந்த 260 ரூபாய் கணக்கைப் பார்த்து வயித்தைக் கலக்கிடுச்சு. நல்லவேளை, அந்த நவம்பரே கிளைக்குப் போய் சண்டை போட்டு இஎம்ஐயை ஏத்தச் சொன்னேன். முதல்ல 26,200, அப்புறம் 27,500. கடைசித் தவணை மறுபடி 2041-க்கு வந்தது. ஆனா ரெண்டு வருஷம் மூச்சு முட்டினது. பையனோட டியூஷனை நிறுத்தினோம், சீட்டு ஒண்ணைத் தள்ளி எடுத்தோம்.

2023 ஏப்ரல்ல பயத்துல ஃபிக்ஸடுக்கு மாத்தித் தாங்கன்னும் கேட்டேன். 10.75 சொன்னாங்க, மாத்தற கட்டணம் தனி. வேணாம்னு வந்துட்டேன். இப்போ என் வட்டி 8. இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லலை, 27,500-லயே ஓடுது.

ஓய்வுபெற்ற மேனேஜர்

வந்தது நல்லது. எனக்குப் பயம் வரும் நாளில் எல்லோருக்கும்தான் பயம் வருகிறது, ஃபிக்ஸட் விலையும் அன்றைக்குத்தான் உச்சத்தில் இருக்கும். இடையில் மாறும் வாய்ப்பு தருவதையும் 2025 அக்டோபரிலிருந்து வங்கியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி எதையும் எடுக்க வேண்டாம்.

தங்கையின் விவரம் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை டீச்சர்

அவ தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ், கையில 34,000. மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டறார், ஒரு மாசம் 30 வரும், ஒரு மாசம் 15. கடன் 25 லட்சம், 20 வருஷம். ஃப்ளோட்டிங் 7.75-க்கு இஎம்ஐ 20,524. ஃபிக்ஸட் 9.25-க்கு 22,897. இப்போ வாடகை 9,000 கட்டறாங்க, அது நிக்கும்.

ஓய்வுபெற்ற மேனேஜர்

20 வருடக் கடனில் ஒரு சதவீதம் ஏறினால் லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 63 ரூபாய் கூடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம் ஏறியது. அதே அடி தங்கைக்கு விழுந்தால் 10.25, இஎம்ஐ 24,540. அதாவது நாலாயிரம் கூடுதல். மாப்பிள்ளைக்கு 15 வரும் மாதத்தில் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, மீதி 24,500-ல் சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் நடக்குமா? நடக்கும் என்றால் ஃப்ளோட்டிங். நடக்காது என்றால் ஃபிக்ஸடைப் பற்றி யோசிப்பதற்கு முன் 25 லட்சத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்வேன்.

என் பழக்கம் வேறொன்று. ஃப்ளோட்டிங் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,373 ரூபாயை மாதாமாதம் ஆர்டியில் போட்டு வையுங்கள். ஃபிக்ஸட் எடுத்ததாகவே நினைத்து வாழுங்கள். வட்டி ஏறினால் அந்தப் பணம் தாங்கும், ஏறாவிட்டால் அபராதம் இல்லாமல் அசலில் கட்டிவிடலாம்.

பாளையங்கோட்டை

சார், உங்கள மாதிரி ஆளுக்கு அது சரி. எங்க வீட்டுல ஆர்டி போட்டா கோயில் கொடைக்கு ஒடைப்போம், மச்சினிச்சி சடங்குக்கு ஒடைப்போம். அந்த 2,373-ஐ வங்கியே புடிச்சிக்கிட்டாத்தான் எனக்கு நிம்மதி.

சேலத்து மாப்ள

அதுக்கு வருஷம் 28,000 தண்டமா? எனக்குப் புரியவே இல்லை. இன்னொரு சந்தேகம் சார், எனக்கு 2021-ல ரெப்போவுக்கு மேல 2.90 வச்சாங்க. போன மாசம் ஃப்ரெண்டுக்கு அதே கிளையில 2.40 குடுத்திருக்காங்க. நான் ஒழுங்காத்தானே கட்டறேன்?

ஓய்வுபெற்ற மேனேஜர்

உங்கள் பழைய ஸ்ப்ரெட், அதாவது ரெப்போவுக்கு மேல் வைத்த அந்த 2.90, தானாகக் குறையாது. நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். வேறு வங்கியின் ஆஃபர் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சுலபம். குறைக்க முடியாது என்றால் கடனை மாற்றலாம், ஆனால் பிராசஸிங் கட்டணமும் வக்கீல் கட்டணமும் கழித்துப் பாருங்கள்.

டீச்சரம்மா, ஒன்று விட்டுப்போச்சு. தங்கையின் சாங்ஷன் கடிதத்தில் ஃபிக்ஸட் எத்தனை வருடத்துக்கு என்று போட்டிருக்கிறது?

மலைக்கோட்டை டீச்சர்

இப்போதான் வாட்ஸ்அப்ல போட்டோ வாங்கிப் பார்த்தேன் சார். முதல் பக்கத்துல பெருசா 9.25 ஃபிக்ஸட். நாலாவது பக்கத்துல சின்ன எழுத்துல 36 மாசம் கழிச்சு அப்போதைய ஃப்ளோட்டிங் விகிதத்துக்கு மாறும்னு இருக்கு. அவளுக்கு அது தெரியாது. 20 வருஷத்துக்கும் 22,897-னு நினைச்சு நோட்டுல கணக்கு எழுதி வச்சிருக்கா. நாளைக்கு ட்யூட்டி முடிஞ்சதும் ரெண்டு பேரும் கிளைக்குப் போறோம்.