அம்மா படம் மட்டும் அனுப்பியிருக்கிறார், என்ன பதில் சொல்வது?

நேற்று இரவு அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை. படத்தில் அவருடைய ஆண்ட்ராய்டு 13 போனின் திரை, அதில் புதிதாகப் போட்ட பிடிஎஃப் ரீடர். அது 'அணுகல்தன்மை' அனுமதி கேட்கிறது. கொடுத்தால் திரையில் வருவதையெல்லாம் படிக்கும், அவருக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். பிடிஎஃப் படிக்க இது எதற்கு? ஓடிபி வந்தால் அதையும் பார்த்துவிடுமே என்று பயமாக இருக்கிறது.

மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. படத்தில் எழுதியிருப்பதைச் சுருக்கி அனுப்பினேன். அப்புறம் 'எதையும் அழுத்தாதீங்க' என்றேன். இரண்டையும் பார்த்துவிட்டார், பதில் இல்லை. அவர் கேட்பது விளக்கமா, ஆபத்தா என்பதா, அழுத்தலாமா என்பதா? ஒருவேளை ஏற்கெனவே அழுத்திவிட்டாரோ?

இப்படிப் படம் மட்டும் வந்தால், நீங்கள் முதலில் கேட்கும் ஒரே கேள்வி எது?