முழங்கால் துள்ளலை நிறுத்தினால் பால்குடம் நடுங்குகிறது

பினாங்கு அனிமேஷன் நண்பர்களே, மாயா தெரிந்த அண்ணன், அக்கா யாராவது வழி சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்காக, ஒரு பாட்டி தலையில் பால்குடத்தோடு தண்ணீர்மலைக்கு நடக்கும் காட்சி செய்கிறேன். கால் ஐகே. பின்னங்காலின் முழங்கால் மடிப்பு 14-ஆம் ஃபிரேமில் 22 டிகிரி, 15-இல் 13, 16-இல் 0, அப்புறம் 0-விலேயே நிற்கிறது. அங்கேதான் வெடுக்கென்று துள்ளுகிறது. இடுப்புக்கும் கணுக்காலுக்கும் உள்ள தூரம் கால் நீளத்தைத் தாண்டிவிடுகிறது, காரணம் அதுதான்.

அதனால் 14 முதல் 18 வரை ஒவ்வொரு ஃபிரேமிலும் இடுப்பின் Translate Y-ஐக் கண்ணளவில் இறக்கிக் கீ போட்டேன். துள்ளல் போனது. ஆனால் கிராஃப் எடிட்டரில் வளைவு ரம்பப் பல்லாகிவிட்டது. இடுப்பில் லேசாகத் தெரியும் நடுக்கம் குடத்தில் பளிச்சென்று தெரிகிறது. பாட்டிக்குக் குளிர்காய்ச்சலா என்கிறான் தம்பி.

15, 17 கீக்களை அழித்து டேஞ்சன்டை Auto ஆக்கினால் வளைவு வழவழப்பாகிறது, ஆனால் 15-இல் இடுப்பு ஏறி முழங்கால் மறுபடி துள்ளுகிறது. Euler Filter இதற்கு உதவாது, அது சுழற்சி மதிப்பு திடீரென்று புரள்வதற்குத்தான்.

16-இல் ஒரே கீ வைத்து, Weighted Tangents போட்டுக் கைப்பிடியை நீட்டுவதா? இல்லை, இடுப்பைத் தொடாமல் குதிகாலை இரண்டு ஃபிரேம் முன்பே தூக்குவதா? நீங்கள் எதை முதலில் தொடுவீர்கள்?